வங்கிக் கடனுக்கு முன்: மூன்று விகிதங்களைப் படிப்பதில் நேரும் தவறுகள்

ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய நடப்புச் சொத்தை, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய நடப்புக் கடனால் வகுத்து, 1.5 வந்துவிட்டது என்று நிம்மதியாகக் கடன் விண்ணப்பத்தை நிரப்புகிறவர்கள் நிறைய. கணக்கு சரிதான். ஆனால் வங்கி அதிகாரி அந்த விகிதத்தைவிட, அது எதனால் ஆனது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கையிருப்பு 4 லட்சம், வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 26 லட்சம், ஸ்டாக் 30 லட்சம். மொத்தம் 60. சப்ளையர்களுக்குத் தர வேண்டியது 22, ஓவர்டிராஃப்ட் 18, ஆக 40. விகிதம் 1.5. இப்போது பாக்கிப் பட்டியலைத் தேதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். 10 லட்சம் ஓராண்டுக்கும் மேலாக வராமல் கிடக்கிறது. ஸ்டாக்கில் 8 லட்சம் விற்கவே முடியாத பழைய சரக்கு. இந்த 18 லட்சத்தையும் வங்கி கழித்துவிடும். அப்புறம், 20 லட்சம் இயந்திரக் கடன் முழுவதும் நீண்டகாலக் கடனாக எழுதப்பட்டிருக்கிறது. அதில் 10 லட்சம் வரும் 12 மாதங்களில் கட்ட வேண்டிய தவணை. அது நடப்புக் கடனில்தான் சேர வேண்டும். இப்போது 42-ஐ 50-ஆல் வகுத்தால் 0.84. சிறு நிறுவனக் கணக்குகளில் அடிக்கடி விடுபடுவது இந்தத் தவணைதான்.

கழித்த 18 லட்சம் அதோடு நிற்காது, சொந்த மூலதனத்தையும் அரிக்கும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மூலதனம் 30 லட்சம் என்றால் அது 12 ஆகிவிடும். ஓவர்டிராஃப்ட், இயந்திரக் கடன், உரிமையாளர் கைமாற்றாகப் போட்ட 8 லட்சம் எல்லாம் சேர்ந்து கடன் 46. முதலில் 1.5 போலத் தெரிந்த கடன்–மூலதன விகிதம் 3.8-க்குப் போகிறது. ஆனால் வங்கிக் கடன் தீரும்வரை அந்த 8 லட்சத்தை எடுக்க மாட்டேன் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்தால், பல வங்கிகள் அதை மூலதனம் போலவே கருதும். அப்போது கடன் 38, மூலதனம் 20, விகிதம் 1.9. விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கேட்டு முடித்துக்கொள்வது நல்லது. சில வங்கிகள் சப்ளையர் பாக்கியையும் கடனில் சேர்க்கும் என்பதால், எந்தக் கணக்கு முறை என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

லாப விகிதத்தில் ஒரே ஒரு விஷயம். 120 லட்சம் விற்பனைக்கு 9 லட்சம் நிகர லாபம், அதாவது 7.5 சதவீதம். அதில் 5 லட்சம் பழைய இயந்திரம் ஒன்றை விற்றதில் கிடைத்த லாபம் என்றால், தொழில் ஈட்டியது 4 லட்சம்தான். உண்மையான விகிதம் 3.3 சதவீதம். இந்த 4 லட்சத்தோடு, பணமாக வெளியே போகாத தேய்மானச் செலவைத் திரும்பக் கூட்டி, ஆண்டுத் தவணையான 10 லட்சத்துக்கு அது போதுமா என்று பாருங்கள். தேய்மானம் 6 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் பழைய கடனுக்கே பணம் பற்றாது. புதுக் கடனின் தவணைக்கு எங்கிருந்து வரும் என்பதுதான் வங்கி அடுத்துக் கேட்கும் கேள்வி.