பேண்டு சிங்க் ஆகவில்லையா? ஆப்பிலிருந்து நீக்கிவிடாதீர்கள்

புதிதாக ஃபிட்னஸ் பேண்டு கட்டியவர்கள் அதே நாலைந்து இடங்களில்தான் வழுக்குகிறார்கள். ப்ளூடூத் ஆஃப், சார்ஜ் இல்லை என்பதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதை விடுங்கள்.

பேண்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். நண்பர் ஒருவருக்கு வியாழக்கிழமையிலிருந்து ஆப்பில் ஸ்டெப்ஸும் இதயத்துடிப்பும் ஏறவில்லை, ஆனால் கையில் இருந்த பேண்டில் அன்றைய எண்ணிக்கை சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதாவது அளவீட்டில் கோளாறு இல்லை. போனுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சேராத வரைக்கும் அதெல்லாம் பேண்டின் நினைவகத்திலேயே இருக்கும். பெரும்பாலான ஃபிட்பிட் பேண்டுகளில் நிமிடவாரி விவரம் 7 நாள், தினசரி மொத்தம் 30 நாள் தங்கும். மற்றவற்றில் கூடக்குறைய இருக்கலாம். அவர் என்ன செய்தார்? ஆப்பில் பேண்டை நீக்கினார். பல பேண்டுகள் நீக்கியதுமே ரீசெட் ஆகிவிடும், அவருடையதும் ஆனது, வியாழனிலிருந்து சேர்ந்த அத்தனையும் போயிற்று.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? ஸ்க்ரீன் ஆனில் இருக்க, ஆப்பைத் திறந்து, பேண்டைப் பக்கத்தில் வைத்து, கீழே இழுத்து ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும். திறந்திருக்கும்போது சிங்க் ஆகி, மூடினால் நின்றுவிடுகிறது என்றால், ஆப்பைப் பின்னணியில் ஓடவிடாமல் போன் தடுக்கிறது. திறந்தும் ஆகவில்லையென்றால் ப்ளூடூத் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து அது `Nearby devices` என்ற பெயரில் இருக்கிறது.

பேட்டரி சேவரை மட்டும் அணைப்பது

அது போன் முழுவதற்குமான சுவிட்ச். அதை அணைத்தாலும் ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக உள்ள கட்டுப்பாடு அப்படியே இருக்கும். அந்த ஆப்பின் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் `Unrestricted` என்று மாற்றுங்கள். சில போன்களில் ஆட்டோஸ்டார்ட் என்று இன்னொரு அனுமதியும் ஒளிந்திருக்கும், அதையும் கொடுத்தால்தான் போனை ரீஸ்டார்ட் செய்தபின் ஆப் தானாக எழும்.

ரீசன்ட்ஸில் ஆப்பைத் தள்ளிவிடுவது

ஐபோனிலும் சரி, சில ஆண்ட்ராய்டு போன்களிலும் சரி, அதோடு பின்னணி சிங்க் முடிந்தது.

`Force stop`

நீங்களே திறக்கும்வரை ஆப் எழுந்திருக்காது.

சார்ஜரில் மாட்டி வைத்துச் சோதிப்பது

2015-ல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்த, பேட்டரியைச் சேமிக்கப் பின்னணி ஆப்புகளை அடக்கிவைக்கும் `Doze`, போன் சார்ஜில் இல்லாமல், ஸ்க்ரீன் அணைந்து, அசையாமல் கிடக்கும்போதுதான் முழுதாக வேலை செய்யும். சார்ஜரில் இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே தெரியும். ஆகவே சார்ஜரைக் கழற்றி, போனை மேசையில் ஓரிரண்டு மணி நேரம் போட்டுவிடுங்கள். அப்புறம் ஆப்பைத் திறந்து பார்க்காதீர்கள், திறந்தாலே சிங்க் ஓடிவிடும், சோதனை கெட்டுவிடும். வேறொரு போனிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். மெசேஜ் போனுக்கு வந்தும் பேண்டு அதிரவில்லை என்றால், அதில் நோட்டிஃபிகேஷனை ஆன் செய்து வைத்திருக்கும் பட்சத்தில், ஆப்பைப் போன் மறுபடியும் முடக்கிவிட்டது.