மாரிக்கு எந்தத் துணியில் பை எடுப்பது?

கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கம் நாலைந்து நாளைக்கு ஒருமிக்க வெயில் முகமே தெரியாது. பை வாங்கப் போகிற எல்லோரும் கடையில் கேட்பது “தண்ணி உள்ள போகாதா?” என்றுதான். நான் அதோடு இன்னொன்றும் கேட்பேன்: இன்றைக்கு நனைந்தால் நாளைக் காலைக்குள் காயுமா? வன்னியில் பையைக் கெடுப்பது பாதி மழை, மீதி இந்தக் காயாமை.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் ஸ்கூட்டியில் போய்ப் படிப்பிக்கிற என் மச்சாள் ஒருத்தி போன மாரியில் பிள்ளைகளின் கொப்பிகளை நனைத்துவிட்டு வந்து நின்றாள். பை நல்ல தடித்த கன்வஸ் தோள்பைதான். பிறகு நாங்கள் இருவரும் கடை கடையாக ஏறி இன்னொரு பை எடுத்தோம், அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், தண்ணி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மச்சாள் பையை ஸ்கூட்டியின் முன் கொக்கியில் மாட்டி, கால் வைக்கும் தட்டில் நிறுத்தி வைப்பாள். அங்கே மேலிருந்து விழுகிற மழையை விட, முன் சில்லு வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணியும் தட்டில் தேங்கி நிற்கிறதும்தான் அதிகம். அதனால் அவளுக்குப் பையின் அடியும் கீழ்த் தையலும் முக்கியம். குறுக்காகப் போடுகிற சின்னப் பை என்றால் கதை வேறு, அது மழைக்கோட்டுக்குள் போய்விடும், ஆனால் வார் பருத்தியாக இருந்தால் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரித் தோளில் விழுந்த தண்ணியை இழுத்துக் கொண்டுவந்து வார் தைத்த இடத்தால் உள்ளே விடும். வார் நைலோனா என்று கட்டாயம் பாருங்கள்.

கடையில்: ஊதுங்கள், உள்ளே பாருங்கள், நகத்தால் சுரண்டுங்கள்

பையின் துணியை வாயில் இறுக்கி வைத்து ஊதுங்கள் (கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை). காற்று மறுபக்கம் வந்தால் அந்தத் துணிக்குப் பூச்சு இல்லை, தண்ணியும் வரும். கன்வஸில் சுகமாக வரும். நைலோன் என்று சொல்லித் தருகிற பைகளிலும் சிலதில் வரும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நைலோன் நூல் தண்ணியை அவ்வளவாகக் குடிக்காது என்பது சரி, ஆனால் நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள துளையால் தண்ணி போகும். அதை அடைப்பது துணியின் உட்பக்கம் தடவியிருக்கிற பூச்சு. பையைப் புரட்டிப் பாருங்கள், பூச்சு இருந்தால் உட்பக்கம் மெல்லிய பளபளப்பாக, வழுவழுப்பாக இருக்கும்.

அட்டையில் 210D, 420D, 1000D என்று போட்டிருந்தால் அது நூலின் பருமன், 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு. எண் கூடினால் துணி தடிக்கும், இலகுவில் கிழியாது, அவ்வளவுதான். பூச்சில்லாத 1000D ஒழுகும், பூச்சுள்ள 210D தாங்கும். கொப்பி காவுகிற பைக்கு 420 போதும்.

பிறகு உட்பூச்சை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். தூளாக உதிர்ந்தாலோ, விரலில் பிசுபிசுத்தாலோ, புளித்த மணம் வந்தாலோ வேண்டாம். பொலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூச்சுக்கு ஈரக்காற்றே எதிரி, பாவிக்காமல் அலுமாரியில் வைத்தாலும் வருடக் கணக்கில் தானாகச் சிதையும். கடையில் இரண்டு மூன்று மாரி கண்ட பழைய சரக்கை மலிவு என்று தள்ளிவிடுவது இப்படித்தான். தோல் மாதிரித் தெரிகிற றெக்சின் பை திடீரென்று செதில் செதிலாக உரிவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

கன்வஸ் ஏன் ஏமாற்றியது

பருத்தி நூல் நனைந்தால் ஊதும், ஊதினால் துளை அடைபடும். அதனால் நல்ல கன்வஸ் சின்னத் தூறலை ஓரளவு தாங்கும். ஆனால் உள்ளிருந்து ஏதாவது அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தால் ஈரம் உள்ளே இழுபடும். மச்சாளின் பையில் நடுவிலிருந்த கொப்பிகள் காய்ந்தபடி இருக்க, ஓரத்தில் துணியோடு ஒட்டி நின்றவை மட்டும் மை கலைந்து ஊதிப் போயிருந்தன. இனிக் காய வைக்கிற பாடு. ஒரு சதுர யார் 12 அவுன்ஸ் நிறுக்கிற கன்வஸ் என்றால் ஒரு சதுர மீற்றர் 400 கிராமுக்குச் சற்றுக் கூட, நன்றாக ஊறினால் கிட்டத்தட்டத் தன் எடைக்குத் தண்ணி குடிக்கும். அடுப்படியில் கொடி கட்டித் தொங்கவிட்டும் இரண்டாம் நாள் அடித் தையல் ஈரம், நாலாம் நாள் மூலையில் கறுப்புப் புள்ளி. பருத்தியைப் பூஞ்சணம் தின்னும், அந்தப் புள்ளி தோய்த்தாலும் முழுசாகப் போகாது.

மெழுகு தேய்க்கலாம் என்பார்கள். தேய்க்கலாம்தான், ஆனால் வெறும் மெழுகுதிரி மடிப்பில் வெடிக்கும், தேன்மெழுகு கலக்க வேண்டும், பிறகு சவர்க்காரம் போட்டுத் தோய்க்கவும் முடியாது. தொடக்கக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

தோலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நனைந்து காய்கிறபோது அதிலுள்ள எண்ணெய்ப்பசை குறைந்து விறைக்கும், சாயம் வெள்ளைச் சேலையில் பிடிக்கும், அலுமாரியில் வைத்தால் பச்சைப் பூஞ்சணம். நனைந்துவிட்டால் உள்ளே பழைய பத்திரிகையைத் திணித்து நிழலில் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். மாரிக்கென்று தோல் வாங்காதீர்கள்.

தறப்பாள் மாதிரிப் பீவீசி பூசிய தடித்த பைகளும் இருக்கின்றன. துணியால் சொட்டுத் தண்ணி போகாது. ஆனால் பாரம், அதோடு நனைந்த குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் உள்ளே வைத்து மூடினால் அந்த ஈரம் வெளியே போகவும் வழியில்லை. மீன் வாங்க, வயலுக்குப் போக அருமையான பை, கொப்பிக்கு அல்ல.

வீட்டில்: ஒரு அகப்பைத் தண்ணி

பையின் உட்பக்கத்தை வெளியே புரட்டாமல், அடி மேலே வரும்படி கவிழ்த்து, அடிப்பக்கத் துணியை வெளியிலிருந்து உள்ளே அமுக்கிக் குழியாக்கி, பைக்குள் அந்த இடத்துக்குக் கீழே பத்திரிகைத் தாளை வையுங்கள். குழியில் ஒரு அகப்பைத் தண்ணி விட்டு 10 நிமிடம் விடுங்கள். பிறகு தண்ணி நிற்கிற இடத்தைப் பெருவிரலால் தேயுங்கள், மழையில் பை உரசுப்படுவது போல. தாளில் ஈரப் புள்ளி வந்தால் பூச்சு போதாது. அடுத்ததாக இதையே தையல் மேல் செய்யுங்கள். நாங்கள் எடுத்த 420 நைலோன் பையில் துணி ஒரு பொட்டும் விடவில்லை, அடித் தையலில் ஊசித் துளைக்கு நேரே வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தன. ஏறக்குறைய எல்லாப் பையும் இப்படித்தான். தையல் ஓரத்தில் நாடா சுற்றித் தைத்திருப்பது பலத்துக்கு, தண்ணிக்கு அல்ல.

அதற்கு மச்சாள் செய்தது: தையலுக்கென்று விற்கிற பொலியூரிதேன் பசையை உட்பக்கமாக அடித் தையல் வழியே மெல்லிய கோடாகத் தடவி, ஒரு இரவு திறந்தபடி காயவிட்டாள். மறுநாள் அகப்பைத் தண்ணியில் தாள் காய்ந்தபடி இருந்தது. சிப்புக்கு மேலே மூடி மடிப்பு உள்ள பையாகப் பார்த்து எடுத்திருந்தோம், சிப்புப் பல்லால் தண்ணி போவதை எந்தத் துணியாலும் தடுக்க முடியாது. இப்போது பள்ளியால் வந்ததும் பையைக் கவிழ்த்து, சேற்றைத் துடைத்து, விசிறிக்குக் கீழே மாட்டிவிடுகிறாள். இரவுச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும். கன்வஸ் பை மாசி வரும்வரை அரிசி வாளிக்கு மேலே மடித்துக் கிடக்கிறது.