நாமா, நாங்களா? மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

ஆங்கிலத்தில் 'வீ' வந்தால், அதோடு 'உங்களையும் சேர்த்து' என்று போட்டுப் பாருங்கள். பொருள் பொருந்தினால் நாம், நமக்கு, நம். பொருந்தாவிட்டால் நாங்கள், எங்களுக்கு, எங்கள்.

கேட்பவர் 'வீ' குறிக்கும் ஆட்களில் ஒருவரா என்பதை ஆங்கிலச் சொல் காட்டாது, தமிழ்ச் சொல் காட்டியே தீரும். வினைமுற்றும் கைகொடுக்காது, இரண்டுக்கும் 'செல்வோம்'தான். ஒரு வங்கிக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். 'உங்கள் விண்ணப்பத்தை நாங்கள் பரிசீலிப்போம்' என்பதில் வாடிக்கையாளர் வெளியே நிற்கிறார். அங்கே 'நாம்' போட்டால் அவரும் உட்கார்ந்து பரிசீலிக்க வேண்டியதாகிவிடும். அதே கடிதத்தில் அடுத்த வரி, 'நாம் நேரில் சந்தித்துப் பேசலாம்'. இங்கே அவர் உள்ளே வந்துவிட்டார். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்திலும் புதிதாகச் சோதியுங்கள். ஆவணம் முழுவதும் ஒரே சொல்லைத் தேடி மாற்றினால் பிழைகள் வரும்.

பேச்சுவழக்கு உரையாடலில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். விருந்தாளியிடம் 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்பார்கள். வீடு அவருடையது அல்ல, அது உரிமையும் அன்பும் கலந்த பேச்சு. ஓர் அரசர் தன் ஒருவரையே 'வீ' என்று சொல்லும் இடத்திலும் இது செல்லாது. அங்கே 'யாம்' அல்லது 'நாம்' பொருந்தும்.