முடங்கிய வாலட்டில் இருக்கும் பணத்தைக் கேட்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

வாலட் முடங்கியதும் எல்லோரும் முதலில் எழுதுவது "என் கணக்கை உடனே திறந்துவிடுங்கள்" என்றுதான். என் தங்கையும் அப்படித்தான் எழுதினாள். "உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள், மறுபடி அதே பதில். மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

கணக்கைத் திறப்பதும் உள்ளே இருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதும் ஒன்றல்ல. யாருக்குச் சேவை தருவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்யலாம். விதிமுறைகளில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே இருக்கும் இருப்பு உங்கள் பணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு மின்பண நெறிமுறை, பணம் வைத்திருப்பவர் எப்போது கேட்டாலும் முகமதிப்புக்கே திருப்பித் தர வேண்டும் என்கிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் வாலட்டை மூடி, மீதியை எடுத்துக்கொள்ளும் வழி உண்டு. எனவே கடிதத்தின் முதல் வரியிலேயே "கணக்கை மூடி, இருப்பைத் திருப்பித் தரக் கோருகிறேன்" என்று இருக்கட்டும். கணக்கைத் திறக்கும் பேச்சையும் அதே கடிதத்தில் கலந்தால், அதைப் படிப்பவர் எளிதான பக்கத்துக்குப் பதில் எழுதி புகார் டிக்கெட்டை மூடிவிடுவார்.

அடுத்த தவறு, ஏன் முடக்கினார்கள் என்று தெரியாமலே சண்டை போடுவது. அடையாளச் சரிபார்ப்பு பாதியில் நின்றிருக்கலாம், வழக்கத்துக்கு மாறான பரிமாற்றம் கண்ணில் பட்டிருக்கலாம், இல்லையென்றால் காவல்துறையோ நீதிமன்றமோ நிறுத்தச் சொல்லியிருக்கலாம். முதல் வகை என்றால் ஆவணம் கொடுத்தால் தீர்ந்தது. மூன்றாவது வகை என்றால், உத்தரவு போட்டவர்கள் விலக்கும்வரை நிறுவனம் விரும்பினாலும் பணத்தைத் தர முடியாது. நீங்கள் போக வேண்டிய இடமும் அவர்கள்தான். இரண்டாவது வகைதான் சங்கடமானது. சந்தேகப் பரிமாற்றம் பற்றி மேலே அறிக்கை அனுப்பியிருந்தால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று பல நாட்டுச் சட்டங்கள் தடுக்கின்றன. கஸ்டமர் கேரில் இருப்பவர் காரணம் சொல்லாததை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு திட்டுவதில் பயன் இல்லை. அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது உங்கள் சொந்த முடிவா, வெளி அமைப்பின் உத்தரவா? உத்தரவு என்றால் அதன் எண்ணையும் அனுப்பிய அலுவலகத்தையும் சொல்ல முடியுமா?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அடுத்து எங்கே போவது என்று முடிவு செய்யலாம்.

அப்புறம் தொகை. திரையில் தெரிந்ததை அப்படியே எழுதிவிடுகிறோம். தங்கையின் வாலட்டில் 1,000 என்று காட்டியது. அதில் 850 அவள் தன் கார்டிலிருந்து ஏற்றியது, 100 தோழி அனுப்பியது, 50 கேஷ்பேக். இந்த 50 நிறுவனம் கொடுத்த சலுகை. பெரும்பாலான வாலட்களில் அதைச் செலவழிக்கலாம், பணமாக எடுக்க முடியாது. 1,000 கேட்டால் தொகை பொருந்தவில்லை என்று கோரிக்கை அப்படியே நிற்கும். 950 கேட்டு, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டினால், எதிரில் இருப்பவர் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் கொடுக்கலாம். கணக்கு முடங்கியிருந்தாலும் செயலிக்குள் போக முடிகிறதென்றால், பரிமாற்ற எண்களோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் செயலியை நீக்கிவிடாதீர்கள். மறுபடி உள்ளே விடுவார்கள் என்று உறுதி இல்லை. ஏற்கெனவே வெளியே தள்ளிவிட்டார்கள் என்றால் பழைய எஸ்எம்எஸ், மின்னஞ்சல், வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றிலிருந்து இதே பட்டியலைத் திரட்டலாம்.

பணம் எங்கே வர வேண்டும் என்பதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். அவசரத்துக்கு அண்ணன் கணக்கையோ கணவர் கணக்கையோ கொடுப்பார்கள். முடங்கிய வாலட்டிலிருந்து மூன்றாம் நபருக்குப் பணம் போவது, பணமோசடியைத் தடுக்கும் பிரிவு முதலில் சந்தேகப்படும் விஷயம். பணம் எந்தக் கார்டிலிருந்து, எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பத்தான் நிறுவனங்கள் விரும்பும். அந்தக் கார்டு காலாவதியாகியிருந்தால் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரிலேயே உள்ள வேறு கணக்கைக் கொடுத்து, பெயர் தெரியும்படி ஸ்டேட்மென்ட்டின் முதல் பக்கத்தை இணையுங்கள். வாலட்டில் இனிஷியலோடும் வங்கியில் விரித்தும் பெயர் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று காட்டும் அடையாள அட்டையையும் சேருங்கள். தங்கையின் கோரிக்கை இந்த இனிஷியலால் மட்டும் ஆறு நாள் நின்றது.

பொறுமை போன பிறகு செய்யும் இரண்டு காரியங்கள் இதையெல்லாம்விடக் கெடுதல். ஒன்று, கார்டு கொடுத்த வங்கியிடம் போய், ஏற்றிய பணத்தை நிறுவனத்திடமிருந்து பிடித்துத் திருப்பித் தரும்படி சார்ஜ்பேக் கேட்பது. ஏற்றிய அன்றே பணம் வாலட்டில் சேர்ந்துவிட்டதால், வாலட் நிறுவனம் அதைக் காட்டி எதிர்வாதம் செய்யும். பெரும்பாலும் அதன் பக்கமே தீரும். அதற்குள் உங்கள் கோரிக்கை தகராறுப் பிரிவுக்குப் போய், முடியும்வரை பணமும் நிற்கும். அதில் ஒரு பகுதியை ஏற்கெனவே செலவழித்திருந்தால் நீங்களே மோசடி செய்தவர் போலத் தெரியும். இன்னொன்று, பொதுவெளியில் போன் எண்ணோடு புகார் போடுவது. சில நிமிடங்களில் கஸ்டமர் கேர் என்று சொல்லி யாரோ அழைத்து ஓடிபி கேட்பார். பணம் திருப்பித் தர ஓடிபியையோ பின் எண்ணையோ யாரிடமும் சொல்லத் தேவையே இல்லை.

தினம் ஒரு புதிய டிக்கெட் போடுவதையும் விட்டுவிடுங்கள். ஒரே புகார் எண்ணின் கீழ் தொடருங்கள், போனில் பேசியதை அன்றே அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரியாக எழுதி அனுப்புங்கள். பின்னால் இத்தகைய நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டி வந்தால், அவர் முதலில் பார்ப்பது நிறுவனத்திடம் முறையாகப் புகார் செய்த தேதியைத்தான். இந்தியாவில் 30 நாளாகியும் பதில் இல்லையென்றால், அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லையென்றால்தான் அவரிடம் போகலாம். கணக்கைத் திறக்கச் சொல்லி எழுதிய பழைய மின்னஞ்சலைக் காட்டி, பணம் கேட்டேன் என்று அங்கே வாதாடுவது கடினம்.

கடைசியில் தங்கை அனுப்பியது இவ்வளவுதான்:

"இந்த எண்ணில் உள்ள என் வாலட் கணக்கை மூடி, இருப்பில் 950-ஐத் திருப்பித் தரக் கோருகிறேன். இதில் 850 என் கார்டிலிருந்து ஏற்றியது, 100 இன்னொரு பயனரிடமிருந்து வந்தது. பரிமாற்ற எண்கள் இணைப்பில் உள்ளன. 50 கேஷ்பேக்கை நான் கோரவில்லை. தர முடியாதென்றால் எந்த விதியின்படி, எதுவரை என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

850 கார்டுக்கே திரும்பி வந்தது. 100 மட்டும் வரவில்லை. தோழி அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்ப, அது வந்த கார்டு எதுவும் பதிவில் இல்லை என்றார்கள். பணம் முழுவதும் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு படிவமும் கூடவே வந்தது. அதில் கையெழுத்துப் போடாமல், "850 கிடைத்தது, 100 பாக்கி" என்று பதில் எழுதி, தன் வங்கிக் கணக்கு விவரத்தை இணைத்தாள். அடுத்த வாரம் அந்த 100-உம் வந்தது.