லாரிக்கு நேரம் ஒதுக்கும்போது சரக்கைப் பார்த்து ஒதுக்குங்கள்

அப்பாயின்ட்மென்ட் கொடுத்தும் குடோன் கேட்டில் வரிசை குறையவில்லையா? எல்லா லாரிக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பேலட்டில் அடுக்கி வரும் லோடை ஃபோர்க்லிஃப்ட் முக்கால் மணி நேரத்தில் இறக்கிவிடும். அதே சரக்கு தனித்தனி அட்டைப்பெட்டிகளாக வந்தால், நாலு லோடுமேன்கள் எண்ணி இறக்க இரண்டு மணி நேரம் தாண்டிவிடும். இரண்டுக்கும் ஒரு மணி நேரம் கொடுத்தால், பெட்டி லாரிக்கு அடுத்து வருகிறவர் ரோட்டில் நிற்பார். பேலட் லாரி போனபின் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் முன்பதிவின்போதே பேலட்டா, பெட்டியா, எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், லாரியை நிறுத்திச் சரக்கு இறக்கும் டாக்குகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். மூன்று டாக் இருந்தாலும் இறக்கும் குழு ஒன்றுதான் என்றால், ஒரு நேரத்தில் ஒரு பெட்டி லாரிதான். பக்கத்து டாக்கில் பேலட் லாரியை விடலாம், அதற்கு அதிக ஆள் வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு ஸ்லாட்டைக் காலியாக வையுங்கள். வழியில் மாட்டித் தாமதமாக வரும் லாரியை அதில் இறக்கலாம். நேரத்துக்கு வந்தவரைக் காக்க வைக்க வேண்டியதில்லை. கேட்டுக்கு வந்த நேரம், டாக்கில் நின்ற நேரம், வெளியேறிய நேரம் மூன்றையும் குறித்து வந்தால், எந்த சப்ளையரின் லோடுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பது சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.