நாலு பேர் வீட்டுக்கு மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய்? ஒரு வாரக் கணக்கில் கண்டுபிடிக்கலாம்

முதலில் ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே ரொம்ப நாள் அதைச் செய்தேன். இன்றைக்கு எவ்வளவு அரிசி போட்டோம் என்று பார்த்து அதை முப்பதால் பெருக்குவது. பார்க்கக் கணக்கு சரியாகத்தான் இருக்கும், ஆனால் எந்த வீட்டிலும் எல்லா நாளும் ஒரே மாதிரி சமையல் நடப்பதில்லை. வேலை நாளில் ஒரு அளவு, எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளில் வேறு அளவு. பருப்பு சில நாட்கள் அடுப்பில் ஏறவே ஏறாது. அதனால் ஒரு நாளை எடுக்காமல் ஒரு முழு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தோ விசேஷமோ இல்லாத, சாதாரணமான வாரமாக இருக்கட்டும்.

எந்த டம்ளரால் அளக்கிறீர்கள்?

தினமும் தராசு வைத்து நிறுப்பது நடக்காத காரியம், இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள். ஒரே ஒரு முறை நிறுத்தால் போதும். நீங்கள் வழக்கமாக அளக்கும் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிக்கொண்டு, அரிசியைக் கொட்டி, தலைதட்டி நிறுத்துப் பாருங்கள். எங்கள் டம்ளரில் 150 கிராம் வந்தது. அப்புறம் பருப்பையும் மாவையும் அதே மாதிரி தனித்தனியாக நிறுக்க வேண்டும். அரிசியும் பருப்பும் கிட்டத்தட்ட ஒரே எடை வரும், ஆனால் மாவு அதே டம்ளரில் அரிசியை விட நன்றாகவே குறையும், தளர்வாக அள்ளினால் இன்னும் குறையும். ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டால் மாவுக் கணக்கு எங்கேயோ போய்விடும்.

தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், வீட்டில் வேறு யாராவது சமைத்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் எங்கள் வீட்டில் அரிசி இருபத்தைந்தாம் தேதியே தீர்ந்துபோனது. யார் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் பழைய டம்ளர் நசுங்கிப்போனதால் வேறொன்றை அரிசி டிரம்மில் போட்டிருக்கிறார்கள், அது 180 கிராம் பிடித்தது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் என்றால் 90 கிராம்தான் கூடுதல், கண்ணுக்கே தெரியாது. முப்பது நாளில் அது 2.7 கிலோ.

ஏழு நாள் கோடு போடுங்கள்

டிரம் மூடியில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு டம்ளர் எடுக்கும்போதும் ஒரு கோடு. அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நான், என் மனைவி, பதினாலு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். வாரக் கடைசியில் தாளில் இருந்தது இது: அரிசி, வேலை நாள் ஐந்தில் மூன்று மூன்று டம்ளர், விடுமுறை இரண்டு நாளில் நான்கு நான்கு, ஆக 23 டம்ளர், அதாவது 3,450 கிராம். கோதுமை மாவு நான்கு இரவு, இரவுக்கு 300 கிராம், மொத்தம் 1,200. பருப்பு ஐந்து நாள்தான், நாளைக்கு 150 கிராம், மொத்தம் 750. ஊறவைத்து அரைப்பதற்குத் தனியாக எடுக்கிறீர்களா? அதற்கும் கோடு போடுங்கள், பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.

எண்ணெய்தான் கொஞ்சம் படுத்தும். கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுகிறவர்களுக்குக் கோடு போட்டு எண்ண ஒன்றும் இருக்காது. அதனால் வாரத் தொடக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி, அந்த வாரம் முழுக்க அதிலிருந்து மட்டும் எடுங்கள். தீர்ந்தால் மறுபடி நிரப்பி, அதை ஒரு தாளில் குறியுங்கள். பொரிக்கும் நாளில் ஊற்றியது முழுவதையும் செலவாக எழுதக் கூடாது. நாங்கள் 300 மில்லி ஊற்றிப் பொரித்தோம், ஆறியபின் வடிகட்டி அளந்தால் 220 மில்லி இருந்தது. செலவு 80 மில்லி. மிச்ச எண்ணெயை அடுத்த இரண்டு நாளில் தாளிக்கப் பயன்படுத்தினால் அதை மறுபடி செலவில் சேர்க்கக் கூடாது என்று நினைப்பீர்கள், அது தவறு. திரும்பி வந்ததைக் கழித்துவிட்டோம், ஆகவே அது எப்போது தீர்கிறதோ அப்போது செலவுதான். கீழே கொட்டினாலும் செலவுதான். இந்த வாரத்துக்கு எங்களுக்கு எல்லாம் சேர்த்து 500 மில்லி.

நான்கால் பெருக்காதீர்கள்

மாதத்துக்கு நாலு வாரம் என்று வாயால் சொல்கிறோம், ஆனால் நாலு வாரம் 28 நாள்தான். மீதி இரண்டு மூன்று நாள் சாப்பிட வேண்டாமா? வாரக் கணக்கை ஏழால் வகுத்து, மாதத்தின் நாட்களால் பெருக்குங்கள்.

```
மாதத் தேவை = வாரச் செலவு ÷ 7 × 30
```

அரிசி 3,450 ÷ 7 × 30, அதாவது 14.8 கிலோ. நான்கால் பெருக்கியிருந்தால் 13.8 வந்திருக்கும், ஏறக்குறைய ஒரு கிலோ குறைவு, எங்களுக்கு இரண்டு நாள் சோறு. மாவு 5.1 கிலோ, பருப்பு 3.2 கிலோ, எண்ணெய் 2.14 லிட்டர்.

எண்ணெய் வாங்கும்போது லிட்டரா கிலோவா என்று பார்த்து வாங்குங்கள். சமையல் எண்ணெய் தண்ணீரை விட லேசு, ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அதனால் எங்கள் 2.14 லிட்டர் என்பது ஏறக்குறைய 1.95 கிலோ. இரண்டு கிலோ வாங்கினால் போதும், இரண்டு லிட்டர் வாங்கினால் கடைசி இரண்டு நாள் இழுபறி.

விருந்தாளி வந்தால்

தலைக்கு எவ்வளவு என்று தெரிந்தால் இது சுலபம். பெரியவர்களுக்கு ஒன்று, வளர்ந்த பிள்ளைக்கும் ஒன்று (வளரும் வயதில் எங்களை விட அதிகமாகவே சாப்பிடுகிறாள், அது வேறு கதை), சின்னவனுக்கு அரை. ஆக மூன்றரைப் பங்கு. நாள் ஒன்றுக்குச் சராசரி அரிசி 493 கிராம், அதை 3.5 ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு 141 கிராம். இரண்டு பேர் மூன்று நாள் தங்கினால் ஆறு பங்கு, சுமார் 850 கிராம் அரிசி கூடும். இதே வழியில் பருப்பு 180 கிராம் சொச்சம். நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களையும் இப்படியே கழித்துக்கொள்ளலாம்.

மாதக் கடைசியில் ஒரு சோதனை

தொடக்கத்தில் இருந்த இருப்பு, நடுவில் வாங்கியது, இரண்டையும் கூட்டி, இப்போது டிரம்மில் மிச்சம் இருப்பதைக் கழித்தால் உண்மையான செலவு வரும். டிரம்மோடு நிறுத்து, காலி டிரம்மின் எடையைக் கழித்தால் போதும், கொட்டி அளக்க வேண்டாம். கணக்கிட்டதற்கும் இதற்கும் பத்தில் ஒரு பங்குக்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் டம்ளரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பிறகு கோடு போட மறந்த நாட்களை. எண்ணெய் மட்டும் எகிறியிருந்தால் யாரோ கேனிலிருந்து நேராக ஊற்றியிருக்கிறார்கள். அடுத்த மாதம் வாங்கும்போது தேவையிலிருந்து இந்த மிச்சத்தைக் கழித்துவிட்டு வாங்குங்கள். எங்களுக்குப் போன மாதம் பருப்பு 400 கிராம் மிச்சம் இருந்தது, ஆக இந்த மாதம் 2.8 கிலோதான் பட்டியலில் எழுதினேன்.