ஒரே நம்பர், இரண்டு இணைப்பு: வாட்ச் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன் கூட இல்லாமலே ஸ்மார்ட் வாட்சிலிருந்து பேச, போன் நிறுவனத்திடம் வாட்சுக்கென்று ஒரு செல்லுலார் திட்டம் எடுக்க வேண்டும். போனில் இருக்கும் நம்பர்தானே வாட்சிலும் இருக்கிறது, அதற்கு எதற்குத் தனியாகக் காசு என்று பலர் கேட்கிறார்கள். வெளியே தெரிவது ஒரே நம்பர்தான். ஆனால் நெட்வொர்க்கைப் பொறுத்தவரை வாட்சுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்மான இ-சிம் தனி இணைப்பு. பல நிறுவனங்கள் அதற்கு நம் கண்ணில் படாத வேறொரு எண்ணையும் ஒதுக்குகின்றன. உங்கள் நம்பருக்கு அழைப்பு வந்தால் போனும் வாட்சும் சேர்ந்தே அடிக்கும்படி இந்த இரண்டையும் பிணைத்து வைப்பதற்குத்தான் மாதக் கட்டணம். பேசும் நிமிடங்களும் டேட்டாவும் பெரும்பாலும் போன் திட்டத்திலிருந்தே கழியும். வெளிநாட்டு ரோமிங் இதில் அடங்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம், கேட்டுவிடுங்கள்.

வாட்ச் வாங்கும்போதே நடக்கிற தவறு ஒன்று உண்டு. ஜி.பி.எஸ். மட்டும் உள்ள மாடலில் சிம்முக்கு வழியே இல்லை. செல்லுலார் அல்லது எல்.டி.இ. என்று பெட்டியில் போட்டிருந்தால்தான் இந்தத் திட்டம் பயன்படும்.

அடுத்தது, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சோதித்துப் பார்ப்பது. போன் அருகில் இருந்தால் வாட்ச் ப்ளூடூத் வழியாகப் போனையே பயன்படுத்தும், சொந்த சிம்மைத் தொடாது. போனை வீட்டில் விட்டுவிட்டு, வைஃபை எட்டாத தூரம் போய் வாட்சிலிருந்து ஒரு அழைப்பு போடுங்கள். ஆனால் போனை அணைத்துவிடாதீர்கள். ஆப்பிள் வாட்சில் சாதாரண எஸ்.எம்.எஸ். வர, போன் எங்கிருந்தாலும் இயங்கிக்கொண்டும் நெட்வொர்க்கிலோ வைஃபையிலோ இணைந்தும் இருக்க வேண்டும்.

பணம் அதிகம் வீணாவது வாட்சை மாற்றும்போதுதான். ஒருவர் பழைய வாட்சை விற்பதற்காக போனிலிருந்து அதன் இணைப்பை நீக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்லுலார் திட்டத்தை வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று திரை கேட்கிறது. நீக்கு என்று அழுத்துகிறார். புது வாட்சில் புதிதாகத் திட்டம் சேர்க்கிறார். அடுத்த மாத பில்லில் இரண்டு வாட்ச் கட்டணம்! அவர் அழித்தது வாட்சில் இருந்த இ-சிம்மை மட்டும்தான். நிறுவனத்தின் கணக்கில் அந்த இணைப்பு உயிரோடு இருக்கிறது. அதே நம்பரில் தொடரப் போகிறவர் "வைத்துக்கொள்" என்று கொடுத்து, புது வாட்சுக்கு அதே இணைப்பை மாற்றித்தரச் சொல்லியிருக்கலாம். வாட்சே வேண்டாம் என்பவர் நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்த இணைப்பை ரத்து செய்தே ஆக வேண்டும்.

கூப்பிடுமுன் பில்லை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஓர் எண்ணின் பெயரில் கட்டணம் இருந்தால், அது வாட்சின் மறைவான எண்ணாக இருக்கலாம். இரண்டு இருந்தால், எது பழைய வாட்சுடையது என்று நிறுவனத்திடம் உறுதி செய்துகொண்டு அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அவசரத்தில் மாற்றிச் சொன்னால் புது வாட்ச்தான் ஊமையாகும்.